பிட்ஜின், கிரியோல், கிளைமொழி: எங்கே தவறு நேர்கிறது?

ஒரு மொழி பிட்ஜினா, கிரியோலா, கிளைமொழியா என்பதை, அதன் சொற்கள் எந்த மொழியிலிருந்து வந்தன என்று மட்டும் பார்த்து முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பப்புவா நியூ கினியாவில் பேசப்படும் டோக் பிசின் என்ற மொழியில் பெரும்பாலான சொற்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அதனால் அதை 'உடைந்த ஆங்கிலம்' என்றும், ஆங்கிலத்தின் கிளைமொழி என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

யுமி, மிபெலா என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது யூ, மீ என்ற ஆங்கிலச் சொற்களின் சேர்க்கை. இரண்டாவது மீ, ஃபெல்லோ என்பவற்றின் சேர்க்கை. ஆனால் பொருளில், யுமி என்றால் 'நாம்', மிபெலா என்றால் 'நாங்கள்'. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'வி' ஒன்றுதான். கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்ற இந்தப் பாகுபாடு சுற்றியுள்ள மெலனீசிய மொழிகளில் இருக்கிறது. அங்கிருந்துதான் டோக் பிசினுக்கு வந்தது. 'நாங்கள் போகிறோம்' என்று சொல்ல வந்தவர் யுமி என்றால், கேட்பவரையும் உடன் அழைத்ததாகிவிடும். பிழை என்று சுட்டிக்காட்ட முடிகிறதென்றால் அங்கே விதி இருக்கிறது.

கிளைமொழி உருவாகும் விதம் வேறு. பெற்றோர் பேசிய மொழியைப் பிள்ளைகள் முழுதாகக் கற்று, தலைமுறைகள் தோறும் இடத்துக்கு இடம் சிறிது சிறிதாக மாறுவதே கிளைமொழி. நடுவில் அறுபடல் கிடையாது. 'புரிகிறதா, இல்லையா' என்ற சோதனையை மட்டும் நம்பவும் கூடாது. ஒரே மொழியின் தொலைதூரக் கிளைமொழிகள்கூட ஒன்றுக்கொன்று புரியாமல் போவதுண்டு.

பேச்சில் பிறமொழிச் சொற்கள் கலந்தாலே பிட்ஜின் என்பது இன்னொரு தவறு. அப்படிக் கலந்து பேசுபவரிடம் ஒரு முழு மொழியின் இலக்கணம் இருக்கிறது. பிட்ஜின் பிறப்பதோ பொதுமொழியே இல்லாத இடத்தில், ஒருவரோடொருவர் தொடர்புகொள்ள உருவாகும் எளிய மொழியாக. வட நார்வேயில் மீனவர்களும் ரஷ்ய வணிகர்களும் மீனையும் மாவையும் பண்டமாற்றுச் செய்யப் பேசிய ருசெநார்ஸ்க் தெளிவான உதாரணம். சில நூறு சொற்கள். பல வேற்றுமைப் பொருள்களுக்கும் 'போ' என்ற ஒரே முன்னிடைச்சொல். அது யாருக்கும் தாய்மொழி ஆகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வணிகம் நின்றபோது மொழியும் மறைந்தது.

பெயரை நம்புவதும் ஆபத்து. 'பிசின்' என்பதே பிட்ஜின் என்ற சொல்லின் திரிபுதான். ஆனால் இன்று நகரங்களில் டோக் பிசினையே முதல் மொழியாகப் பேசி வளரும் குழந்தைகள் இருக்கிறார்கள். தாய்மொழியாகிவிட்ட அந்த நிலைதான் கிரியோல். 'பை அண்ட் பை' என்ற ஆங்கிலத் தொடர் முதலில் பைம்பை ஆகி, பிறகு பை என்று சுருங்கி, எதிர்காலம் காட்டும் இடைச்சொல்லாகிவிட்டது: பை மி கோ, 'நான் போவேன்'. அதே சமயம், பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்னும் இரண்டாம் மொழிதான். அதனால் சில மொழியியலாளர்கள் கிரியோல் என்னாமல் 'விரிவடைந்த பிட்ஜின்' என்கிறார்கள். ஒரே மொழி, ஒரு வீட்டில் தாய்மொழி. அடுத்த வீட்டில் சந்தைக்கு மட்டும்.