அண்ணாச்சி எதில் கேட்கிறார், எதைப் பற்றிக் கேட்கிறார்

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன அலுவலகம். மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். சிக்கல் வந்தால் கேட்க ஒரு சாட் உண்டு. முதலில் நிரல் பதில் சொல்லும், அது தடுமாறினால் நாங்கள்.

போன மாதம் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஆசையாக ஒரு ஸ்கிரிப்ட்டைக் காட்டினார்கள். சாட்டைத் திறந்ததும் அது கண்ணில் படாமல் ஒரு வரியை வரைந்து அதன் பிக்ஸல்களை எண்ணாக மாற்றும். எழுத்துரு, திரை அளவு, கிராபிக்ஸ் கார்டு பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கருவியின் கைரேகை எடுக்கும். கேட்பவர் எந்த இயங்குதளத்தில் இருக்கிறார் என்று அதை வைத்து நிரல் முடிவு செய்யும். நானும் ஒரு காலத்தில் இதையேதான் எழுதினேன். அதில் உள்ள பெரிய தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன், சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

## தட்டுகிற கருவிதான் கெட்டுப்போன கருவி என்று நினைப்பது

வள்ளியூர் பக்கம் ஒரு கடை. இரவு ஒன்பதரை மணிக்கு அண்ணாச்சி எழுதினார்: "சிஸ்டத்துல பில் வரல. 0x0000011b ன்னு ஏதோ காட்டுது."

கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு செல்லில் தட்டுகிறார். என் ஸ்கிரிப்ட் ஆண்ட்ராய்டு என்றது. நிரல் உடனே செல் ஆப்புக்கான வைத்தியத்தை எடுத்துவிட்டது: செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்டோரேஜ், கிளியர் டேட்டா. அவரும் நம்பி வரிசையாகச் செய்தார். அந்த ஆப்பில் இரண்டு நாள் டெலிவரி பில்கள் சர்வருக்கு ஏறாமல் கிடந்தன. அத்தனையும் போயிற்று.

காலையில் போன் வந்தது. "தம்பி, நான் கம்ப்யூட்டரப் பத்திக் கேட்டேன். நீங்க செல்லத் தொடச்சு விட்டுட்டியளே."

அவரும் மகனும் டெலிவரி நோட்டைப் பார்த்து பில்களைத் திரும்ப ஏற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தேன். அந்த மத்தியானம் முழுக்க அதற்கே போனது.

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: ஸ்கிரிப்ட் தப்பாகச் சொல்லவே இல்லை. அவர் கையில் இருந்தது ஆண்ட்ராய்டுதான். ஆனால் நமக்கு வேண்டிய கேள்வி அது இல்லை. அதற்கான பதிலை அவர் எழுதிய வரியிலேயே இரண்டு முறை சொல்லியிருந்தார். நம்ம ஊரில் 'சிஸ்டம்' என்றால் கம்ப்யூட்டர். செல்லை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அப்புறம் அந்த எண். இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பகிர்ந்திருக்கும் பிரிண்டரோடு சேர முடியாதபோது விண்டோஸ் காட்டுவது அது; 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு பரவலாக வந்தது. கல்லாவிலும் கோடவுனிலுமாக இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்றில் மட்டும் அப்டேட் ஏறியிருந்தது. இரண்டிலும் ஏற்றியதும் பில் வந்துவிட்டது.

கைரேகையை எவ்வளவு கூர்மையாக்கினாலும், எழுதுகிற கருவியைத் தாண்டி அதற்கு எதுவும் தெரியாது.

## யூசர் ஏஜென்ட்டையாவது நம்பலாம் என்பது

```
Mozilla/5.0 (Linux; Android 10; K)
```

பிரவுசர் தன்னைப் பற்றி சர்வருக்கு அனுப்பும் வரி இது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோமில் அது இப்படித்தான் தொடங்குகிறது, செல்லில் இருப்பது ஆண்ட்ராய்டு 14 ஆக இருந்தாலும். ஐபேட் சஃபாரி 2019 முதல் தன்னை மேக் என்றே சொல்லிக்கொள்கிறது. விண்டோஸ் 11-உம் `Windows NT 10.0` என்றுதான் வரும்.

## சொல்லாமல் எடுப்பது

குக்கீயைக் கடைக்காரர் அழித்துவிடலாம். கைரேகையை அழிக்க அவரிடம் பட்டன் இல்லை.

## எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை போடுவது

பிழை எண், `C:\` என்று தொடங்கும் பாதை, 'ரைட் கிளிக்', 'பிளே ஸ்டோர்' ஆகியவை கனமான தடயங்கள். ஒன்று வந்தாலே போதும். 'செட்டிங்ஸ்' எல்லாக் கருவியிலும் இருக்கிறது. 'ஆப்' என்பதை இப்போது எதற்கும் சொல்கிறார்கள். இவற்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 'செல்' என்ற சொல் இன்னும் வம்பு: "செல்லுல இருந்து எழுதுறேன்" என்றால் அது எழுதும் இடம்தான், சிக்கல் உள்ள இடம் இல்லை. முன்னால் சொன்னதற்கு மாறாகப் பிறகு ஏதாவது சொன்னால், பிறகு சொன்னதைத்தான் எடுக்க வேண்டும்.

தடயம் பாதிதான் கிடைத்தது என்றால் ஊகத்தை வெளிப்படையாகப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்: "விண்டோஸ் கம்ப்யூட்டர் என்று வைத்துச் சொல்கிறோம், வேறு என்றால் சொல்லுங்கள்." தப்பாக இருந்தால் அவரே ஒரு வார்த்தையில் திருத்துவார். ஆனால் எதையாவது அழிக்கச் சொல்லும் கட்டம் வந்தால் ஊகம் கூடாது. கேட்டு, பதில் வந்த பிறகுதான்.

## எடுத்தவுடன் "உங்கள் கருவி எது?"

கடையில் ஆள் நிற்கும்போது கேட்காதீர்கள். கருவியைப் பொறுத்து பதில் மாறினால் மட்டும் கேளுங்கள்.

பிள்ளைகள் ஒன்று கேட்டார்கள்: ஆப்புக்குள் இருக்கும் உதவி பட்டன் பதிப்பு எண்ணை அனுப்புகிறதே, அதுவும் கூடாதா? அது சரிதான். அனுப்பும் முன் அந்த எண் அவர் கண்ணெதிரே பெட்டியில் தெரிகிறது; வேண்டாம் என்றால் அழித்துவிட்டு அனுப்பலாம்.