உறவினர் பட்டியல் இல்லாமல் ஒரே கடைத்தெருவில் தொடங்குவது எப்படி: புதிய காப்பீட்டு முகவருக்கான செய்முறை

உரிமம் கைக்கு வந்த மறுநாளே என் மேலதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொன்னார். முதல் பதினைந்து பெயர்களும் என் சொந்தக்காரர்கள்தாம். அவர்களில் என் தாய்மாமா, மறுக்க முடியாமல் ஒரு பாலிசி எடுத்து, இரண்டு தவணை கட்டி நிறுத்திவிட்டார். முகதாட்சண்யத்துக்காக எடுக்கப்படும் பாலிசி பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது: கட்டியவருக்குப் பணம் நஷ்டம், முகவருக்குப் புதுப்பித்தல் கமிஷன் இல்லை, இருவருக்கும் இடையில் பேச்சும் குறைந்துவிடுகிறது. அதன் பிறகு நான் கோவில்பட்டியில் ஒரு கடைத்தெருவிலிருந்து மறுபடியும் தொடங்கிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: ஒரு தெரு, ஒரு நாள், ஒரு நேரம்

முப்பது நாற்பது கடைகள் உள்ள ஒரு தெருவைத் தேர்ந்தெடுங்கள். தையல் கடை, மளிகை, சைக்கிள் கடை, இஸ்திரிக் கடை என்று உரிமையாளரே உட்கார்ந்து வேலை பார்க்கும் கடைகளாக இருப்பது நல்லது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அலுவலகத்தில் விவரம் கேட்க ஆளுண்டு, இவர்களுக்கு இல்லை. வாரத்தில் ஒரே நாளில், வியாபாரம் சற்று ஓய்ந்திருக்கும் மதியம் மூன்று மணிக்குச் செல்லுங்கள். நீங்கள் யார் என்பதை முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

“அண்ணாச்சி, நான் காப்பீட்டு முகவர். இன்றைக்கு எதையும் விற்க வரவில்லை. வீட்டில் பழைய பாலிசிப் பத்திரமோ பாஸ்புக்கோ இருந்தால் அடுத்த வாரம் எடுத்து வையுங்கள். உங்கள் முன்னாலேயே படித்து, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். கையோடு கொண்டுபோக மாட்டேன்.”

முதல் மாதம் பெரும்பாலோர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். அதே கிழமையில் மறுபடியும் வருகிறவரிடம்தான் பத்திரம் வெளியே வரும்.

படி 2: பத்திரத்தைப் படியுங்கள்

பாலிசி எடுத்துக் கொடுத்த முகவர் தொழிலை விட்டுவிட்டதால் கேட்பாரற்றுக் கிடக்கும் பாலிசிகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பத்திரத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: நாமினி யார், கடைசித் தவணை எப்போது கட்டப்பட்டது.

நான் 2024 பிப்ரவரியில் பார்த்த ஒரு பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். 43 வயதுத் தையற்காரர் ஒருவர் 2009 செப்டம்பரில் எடுத்த, 20 ஆண்டு காலத்துக்கான, ஒரு லட்சம் ரூபாய் பாலிசி அது. அரையாண்டுக்கு ஒரு முறை 2,500 ரூபாய் கட்டி வந்தவர், 2021 செப்டம்பர் தவணையோடு நிறுத்தியிருந்தார். போட்ட பணம் அத்தனையும் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் மொத்தம் 40 தவணைகளில் 25 கட்டப்பட்டிருந்ததால், பாலிசி சாகவில்லை. காப்பீட்டுத் தொகை அந்த விகிதத்துக்குக் குறைந்து, 62,500 ரூபாயாக நின்றிருந்தது. அதுவரை சேர்ந்த போனஸ் அதற்கு மேல் தனி. பங்குச் சந்தையோடு சேராத பாலிசியை, கட்டத் தவறிய முதல் தவணையிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் உயிர்ப்பிக்கலாம் என்பதால், அவருக்கு 2027 மார்ச் வரை அவகாசமும் இருந்தது. பாக்கி நான்கு தவணை, அதாவது 10,000 ரூபாய். அதோடு வட்டியும் உடல்நல உறுதிமொழியும் தேவைப்படும்.

புதியவர் தவறு செய்வது இந்த இடத்தில்தான். “அதை விடுங்கள், புதிதாக ஒன்று எடுத்துவிடலாம்” என்று சொன்னால் கமிஷன் வரும். ஆனால் 28 வயதில் கிடைத்த பிரீமியம் 43 வயதில் கிடைக்காது. இரண்டு வழிகளையும் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் உயிர்ப்பித்துக்கொண்டார். உயிர்ப்பித்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் வரை நிறுவனம் உடல்நல உறுதிமொழியைக் கேள்விக்குள்ளாக்கலாம் என்பதால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன்.

அதைவிடப் பெரிய குறை நாமினி இடத்தில் இருந்தது. அங்கே இருந்தது அவருடைய அம்மாவின் பெயர்; அம்மா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்படியே விட்டிருந்தால், அவருக்கு ஏதேனும் நேர்ந்தபின் மனைவி வாரிசு என்று நிரூபித்துத்தான் பணத்தைப் பெற வேண்டியிருக்கும். நிறுவனத்துக்கு எழுதி, மனைவியின் பெயரைச் சேர்த்தோம். நாமினி பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையாக இருந்தால், அவர் சார்பில் பணம் பெறும் பெரியவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும்.

படி 3: பாஸ்புக்கில் 436 ரூபாயைத் தேடுங்கள்

பத்திரமே இல்லாதவர்களிடமும் பாஸ்புக் இருக்கும். மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் கழிந்திருந்தால், முதலாவது பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு; இரண்டாவது பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டுத் தொகை இரண்டு லட்சம் ரூபாய், காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. வங்கியில் கணக்குத் தொடங்கும்போது கையெழுத்திட்ட பலருக்கு இது இருப்பதே நினைவில்லை, குடும்பத்துக்கோ தெரியவே தெரியாது. கணக்கில் பணம் இல்லாவிட்டால் அந்த ஆண்டுக் காப்பீடு நின்றுவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மே 20 அன்று, “இந்த வாரம் கணக்கில் 456 ரூபாய் இருக்கட்டும்” என்று எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புகிறேன். இதில் எனக்கு எந்தக் கமிஷனும் கிடையாது.

தையற்காரரின் பத்திரம் சரியான சில மாதங்களில், பக்கத்து இஸ்திரிக் கடைக்கார அக்கா, ஜனவரியில் இறந்த கணவரின் பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். முந்தைய மே மாத வரிசையில் 436 இருந்தது. இறப்புச் சான்றிதழ், கோரிக்கைப் படிவம், அக்காவின் அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு அவருடன் வங்கிக்குப் போனேன். இரண்டு லட்சம் அவர் கணக்கில் வந்து சேர்ந்தது.

படி 4: எதைத் தொடக் கூடாது

ரொக்கப் பிரீமியத்தைக் கையில் வாங்காதீர்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். ஆதார் அட்டையைப் படமெடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் தவணையை நானே கட்டுகிறேன் என்றும் சொல்லாதீர்கள். கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிப்பது காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி குற்றம், அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை போகலாம்.

படி 5: அவர்களாகக் கேட்கும்போது

உங்களை நம்பும் வாடிக்கையாளர் வட்டம் உருவாகிவிட்டதை ஓர் அடையாளத்தால் அறியலாம்: தன் பத்திரத்தைக் காட்டியவர், தங்கையின் பத்திரத்தையோ சகலையின் பாஸ்புக்கையோ கொண்டுவருவார். மாறாக, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்ற பதில் அடிக்கடி வந்தால், நீங்கள் அவசரப்பட்டு விற்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். மறுபடியும் பத்திரம் படிப்பதற்குத் திரும்புங்கள்.

அறிமுகம் கேட்பதாக இருந்தால், பெயரும் எண்ணும் வாங்காதீர்கள். “உங்கள் சகலைக்கு விருப்பமிருந்தால் அவரையே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்” என்பது போதும். புதிய பாலிசி எடுப்பவரிடம், பத்திரம் கைக்கு வந்து முப்பது நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதை நீங்களே சொல்லி, கடைசி நாளைப் பத்திரத்தின் உறைமேல் எழுதிக் கொடுங்கள்.

இந்த வழியில் எனக்கு முதல் விற்பனை நடக்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை காலையில் ஒரு கடையில் கணக்கு எழுதித்தான் வீட்டுச் செலவைச் சமாளித்தேன். நீங்களும் வேறொரு வருமானத்தை விட்டுவிடாமல் தொடங்குங்கள். முதல் பாலிசியை எடுத்தவர் இஸ்திரிக் கடை அக்காவின் தம்பி. அவருடைய பத்திரத்தில் நாமினி பெயரை மூன்று முறை சரிபார்த்தேன்.