சங்கத் தலைவி திருத்தம் சொல்கிறார்: ஸ்கிரிப்ட்டின் கரு கலையாமல் மாற்றுவது எப்படி?

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கு மூன்று நிமிட வீடியோ எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் டிராஃப்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைவி வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் சொல்கிறார்: ஆரம்பம் சோகமாக இருக்கிறது. முதலில் நான் பேசுவதை வையுங்கள். மிதவைப் பாசிக்கு யாரும் முங்க மாட்டார்கள், மாற்றுங்கள்.

1. கருவை ஒரே வரியில் எழுதுங்கள்

ஃபைலைத் திறக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். இங்கே கரு: ‘அவள் மூச்சடக்கும் நேரம்தான் அவள் கூலி.’ இந்த வரியைத் தாங்காத எதையும் விட்டுக்கொடுக்கலாம், ஆசையாக எழுதிய சூரிய உதயம் உட்பட.

2. தகவல் திருத்தத்தைத் தனியே எடுங்கள்

மூன்றாவது திருத்தத்தில் வாதமே கிடையாது. மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கும் பாசியைச் சுமார் 45 நாளில் அறுப்பார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி முங்குவது பாறையில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசிக்கு. உடனே மாற்றிவிடுங்கள்.

3. குறை வேறு, வைத்தியம் வேறு

மற்ற இரண்டில் ஒன்று குறை, ஒன்று அவரே சொல்லும் வைத்தியம். குறையை நம்புங்கள், வைத்தியத்தை அப்படியே எடுக்காதீர்கள். ‘ஏன் அக்கா?’ என்று கேட்டால் சண்டை மாதிரி ஆகிவிடும். ‘எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?’ என்று கேளுங்கள்.

“முக்கால் நிமிஷம் ஒரு பொண்ணு தண்ணிக்குள்ள கிடக்கு தம்பி. எதுக்குன்னே தெரியல. பாக்குறவங்க பதறிருவாங்க.”

ஆக, பிரச்சினை சோகம் இல்லை. அவள் எதற்காக முங்குகிறாள் என்பது பார்ப்பவருக்குத் தெரியவில்லை.

4. இப்போது எழுதுங்கள்

பழையது: ‘கடலடி. மூச்சடக்கிய முகம். குமிழிகள். 45 விநாடி. வசனம் இல்லை.’

புதியது: ‘கடலடி. துணி சுற்றிய விரல்கள் பாசியைப் பறிக்கின்றன. 15 விநாடி. அவள் குரல்: இந்த மூச்சுக்கு ஒரு பிடி. மேலே வருகிறாள், இடுப்புப் பையில் போடுகிறாள்.’

மூச்சு அப்படியே இருக்கிறது, காரணமும் வந்துவிட்டது. தலைவியின் பேச்சை முதலில் வைத்தால் விழா வீடியோ ஆகிவிடும். அதனால் கரையில் பாசி எடை போடும் காட்சிக்குக் கொண்டுபோங்கள். தராசைப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டே இரண்டு வரி பேசட்டும். கூலி கணக்காகும் இடம் என்பதால் அவர் அங்கே பொருந்துவார். மேடைப் பேச்சைவிட கம்பீரமாகவும் இருப்பார். அப்புறம் போனில் ஸ்டாப்வாட்ச் போட்டு, சத்தமாகப் படித்து நேரம் பாருங்கள்.

5. அனுப்பும்போது

`pasi_v2` என்று புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதை அழிக்க வேண்டாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பேச்சை இடம் மாற்றியதை மறைக்காமல், காரணத்தோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

‘முங்குற காட்சியே வேண்டாம், மிதவை மட்டும் போதும்’ என்று பதில் வந்தால் அது திருத்தம் இல்லை, வேறு படம். அதை நேரடியாகச் சொல்லி, புதுக் கருவையும் உங்கள் கூலியையும் பேசி முடித்த பிறகே அடுத்த வரியை எழுதுங்கள்.