வெளுத்த வானத்தை மீட்க, எல்யுடிக்கு முன்னால் கை வையுங்கள்

ஒளி வேறுபாடுகளை அடக்கி, மங்கலான படமாகப் பதிவுசெய்யும் லாக் முறையில் எடுத்த வெளிப்புறக் காட்சியில் வானம் வெள்ளைத் தாளாகத் தெரிந்தால், உடனே அதைக் கைவிட்டுவிட வேண்டாம். பல நேரங்களில் மேகங்களை அழித்தது கேமரா அன்று, அந்தப் பதிவை இயல்பான தோற்றத்துக்கு மாற்ற நாம் போட்ட எல்யுடி என்னும் நிறமாற்ற அட்டவணைதான்.

முதலில் எல்யுடியை அணைத்துவிட்டு சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் ஒளி அளவைத் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி பரேட் வரைபடத்தைப் பாருங்கள். மேல்விளிம்பு மேடுபள்ளமாக இருந்தால் மேகத்தின் விவரம் பதிவில் இருக்கிறது. கத்தியால் சீவியதுபோல் மூன்று நிறங்களும் தட்டையாக நின்றால், அங்கே மீட்பதற்கு எதுவும் இல்லை.

விவரம் இருக்குமானால், எல்யுடிக்கு முந்தைய நோடில், அதாவது திருத்தப் படியில், பிரகாசமான பகுதிகளை ஆளும் Gain அளவை மெல்லக் குறைத்து, மேகங்களின் ஓரம் தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட்டு, அதனால் இருண்ட முகங்களை, நடுத்தர ஒளியை ஆளும் Gamma கொண்டு சற்றே உயர்த்துங்கள். இதையே எல்யுடிக்குப் பின்னால் செய்தால், ஏற்கெனவே வெட்டுண்ட வெண்மை பொதுவாகச் சாம்பலாகுமே தவிர மேகம் திரும்பாது. அந்தச் சாம்பலோடு நானும் நெடுநேரம் போராடியிருக்கிறேன்.

பரேடில் நீலம் மட்டும் தட்டையாகி, சிவப்பும் பச்சையும் தப்பியிருந்தால், மேகத்தின் வடிவம் திரும்பினாலும் வானத்தின் நிறம் பச்சைப் பக்கம் சாயும். அப்போது மிகப் பிரகாசமான பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் நிறச்செறிவைக் குறைப்பதே பாதுகாப்பான வழி.