படம் ஓடும்போது போனை எடுக்காதீர்கள்

என் மகன் கல்லடியிலிருந்து கல்முனைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறான். காலை ஏழு மணிக்கு அவன் படலையைத் தாண்டிக் கால் மணி நேரம் ஆவதற்குள் எனக்குள் ஒரு படம் ஓடத் தொடங்கிவிடும். கல்லாற்றுப் பாலத்தடியில் வண்டி சரிந்து கிடக்கும். ஒற்றைச் செருப்பு மட்டும் தார் வீதியில் தனியே கிடக்கும். உடனே போன் எடுப்பேன். அவன் பேசினால் நெஞ்சு ஆறும். பேசாவிட்டால் மாமாங்கேஸ்வரரை மூன்று முறை கும்பிட்டுவிட்டு மறுபடியும் எடுப்பேன்.

ஒருநாள் வீட்டுக்கு வந்தவன் சொன்னான்: "அம்மா, நீங்கள் விடாமல் எடுக்கிறீர்களே என்று ஓடிக்கொண்டே போனைப் பார்த்தேன். முன்னால் போன பஸ் நின்றதைக் கவனிக்கவில்லை." அவனைக் காப்பதாக நினைத்து நான் செய்துவந்ததே அவனுக்கு ஆபத்தாகியிருந்தது.

இப்படிப்பட்ட எண்ணங்கள் பெரும்பாலானவர்களுக்கு வருகின்றன. இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ரக்மனும் 1978 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. இந்த எண்ணங்களிலிருந்து விடுபட முடியாமல் தவிக்கும் நோயுள்ளவர்களுக்கும் அந்த நோய் இல்லாதவர்களுக்கும் வரும் எண்ணங்கள் பெரிதும் ஒரே மாதிரியானவை. எண்ணம் வந்ததும் நாம் அதற்கு என்ன பொருள் கொடுக்கிறோம், என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. "அச்சானியமாக நினைத்துவிட்டேன், நடந்துவிடுமோ" என்று பதறி எதையாவது செய்தால், அந்தச் செயலே எண்ணத்துக்குத் தீனி.

முதல் படி: மூன்று நாள் எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். ஒரு கொப்பியில் எண்ணம் வந்த நேரம், செய்த செயல், ஆறுதல் நீடித்த நேரம் ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். என் கொப்பியில் இருந்த ஒரு வரி இது: "7.20 படம். போன் எடுத்தேன், பேசினான். 7.45 மறுபடியும் படம்." ஓர் அழைப்பு வாங்கித் தந்த நிம்மதி இருபத்தைந்து நிமிடம்தான். மனதுக்குள் செய்பவற்றையும் எழுதுங்கள். எண்ணிக்கை வைத்துக் கும்பிடுவது, கெட்ட படத்தை நல்ல படத்தால் அழிப்பது, "ஒன்றும் ஆகாதுதானே" என்று கணவரிடம் கேட்பது எல்லாம் அதே தீனிதான்.

இரண்டாம் படி: வீட்டாரோடு ஒரு விதி. நானும் கணவரும் மகனும் பேசி முடிவெடுத்தோம். போய்ச் சேர்ந்ததும் அவன் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவான், அவ்வளவுதான். நான் "ஒன்றும் ஆகாதுதானே" என்று கேட்டால் கணவர், "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம்" என்பார். முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் பிடி தளராமல் இருந்தது பெரிய உதவி.

மூன்றாம் படி: தள்ளிப்போடுங்கள். இதுதான் முக்கியமான பயிற்சி. படம் வந்ததும் "பயங்கரமான எண்ணம் ஒன்று வந்திருக்கிறது" என்று ஒரே ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள். அதை விரட்டவும் வேண்டாம், அதனோடு வாதாடவும் வேண்டாம். நினைக்காதே என்றால் மனம் அதையே நினைக்கும். போனை எடுக்காமல் பத்து நிமிடம் கையில் இருந்த வேலையைத் தொடருங்கள். அடுத்த வாரம் இருபது நிமிடம், பிறகு செய்தி வரும்வரை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் துருவிக்கொண்டே இருப்பேன். கை நடுங்கும், படம் அப்படியே நிற்கும். பத்து நிமிடத்தில் பயம் இறங்காவிட்டாலும் பயிற்சி தோற்றுவிடவில்லை. பயத்தோடே போனை எடுக்காமல் இருந்தோமே, மனம் கற்றுக்கொள்வது அதைத்தான்.

இந்த இடத்தில் நானே தவறினேன். "எண்ணம்தான், எண்ணம்தான்" என்று மந்திரம்போல் இருபது தடவை சொல்லத் தொடங்கினேன். பயத்தை அழிக்கவென்று சொல்லத் தொடங்கினால் அந்த வசனமும் தீனியாகிவிடும். கும்பிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் கும்பிடுங்கள், படத்தை அழிப்பதற்காகக் கும்பிடாதீர்கள்.

உண்மையான ஆபத்தை எப்படிப் பிரித்தறிவது? புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போகிறவரைத் தடுக்கலாம். அது வெளியிலிருந்து வந்த செய்தி, ஒரு முறை செய்தால் முடிந்துவிடும் செயல். மனதுக்குள் ஓடிய படத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாமல், திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டினால் அது எண்ணம்.

2004 சுனாமியில் கண்ணால் கண்டதே திரும்பவும் முன்னால் வருகிறதென்றால் அது வேறு வகை. அதற்கு இந்தப் பயிற்சியைத் தனியே செய்ய வேண்டாம். இந்த எண்ணங்களால் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும், தூக்கமும் சாப்பாடும் கெட்டாலும், வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலும் வைத்தியரிடம் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.