பணம் வந்து சேரும்வரை சரக்கைக் கிடங்கிலேயே நிறுத்தி வைக்க ஃபார்வர்டருக்கு எழுதுவது எப்படி?

சரக்கு ஃபார்வர்டரின் கிடங்கில் இறங்கிவிட்டது. ஏற்றுவதற்கு முன் வரவேண்டிய மீதித் தொகை இன்னும் வங்கிக் கணக்கில் வரவில்லை. கன்டெய்னரை அடைக்கும் நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் யாருக்கு, எந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன். விற்பவரே ஃபார்வர்டரை அமர்த்தி, கடல் வழியாக எல்.சி.எல். முறையில், அதாவது பலருடைய சரக்குடன் ஒரே கன்டெய்னரில் அனுப்பும் ஏற்றுமதியையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். ஏற்றுமதி ஆவணங்களைப் பற்றிய அடிப்படை அறிமுகம் உங்களுக்கு இருக்கிறது என்றே எண்ணி எழுதுகிறேன்.

1. பணம் உண்மையில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வாங்குபவர் அனுப்பும் ஸ்விஃப்ட் நகல் பணம் அல்ல. அனுப்பும் வங்கி அறிவுறுத்தலைப் பதிவு செய்தது என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. சில வேளைகளில் அதைக்கூடக் காட்டாது. அந்த நகலில் உள்ள, பரிமாற்றத்தைத் தொடர்ந்து தேட உதவும் 36 குறிகள் கொண்ட யு.இ.டி.ஆர். எண்ணை உங்கள் வங்கியிடம் கொடுத்து, தொகை எந்த வங்கியில் நிற்கிறது என்று கேளுங்கள். இடைநிலை வங்கி விளக்கம் கேட்டு நிறுத்தியிருந்தால் ஓரிரு நாளில் தீரலாம். அந்த எண்ணில் எந்தப் பரிமாற்றமும் தென்படவில்லை என்று வங்கி சொன்னால் அடுத்த படிக்கு உடனே செல்லுங்கள்.

2. கட்-ஆஃப் நேரத்தை அல்ல, அடைக்கும் நேரத்தைக் கேளுங்கள்

புக்கிங் உறுதிச் சீட்டில் இருக்கும் கட்-ஆஃப் என்பது கிடங்கு சரக்கைப் பெற்றுக்கொள்ளும் கடைசி நேரம். உங்களுக்குத் தேவையானது கன்டெய்னரை அடைக்கத் தொடங்கும் நேரம். அதற்கு முன்பு உங்கள் பேலட்டுகளை ஒதுக்கி வைப்பது ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் சில நிமிட வேலை. அடைத்த பிறகோ மற்றவர்களுடைய சரக்கை வெளியே இறக்கித்தான் உங்களுடையதை எடுக்க முடியும். அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழும். கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட்டால் சுங்க நடைமுறையும் சேர்ந்துகொள்ளும்.

3. அறிவுறுத்தலை எழுதுதல்

என்னை ஒருமுறை வீழ்த்திய படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஆறு பேலட் சரக்கு கிடங்கில் இருந்தது. 30 விழுக்காடு முன்பணம் வந்திருந்தது. மீதி 70 விழுக்காடு வரவில்லை. வியாழக்கிழமை அடைப்பதாக இருந்ததால் புதன்கிழமையே ஃபார்வர்டருக்கு, "பணம் திங்களன்று வந்துவிடும், அதுவரை சரக்கை நிறுத்தி வையுங்கள்" என்று எழுதினேன். அவர்களும் ஒப்புக்கொண்டு, வியாழக்கிழமைக் கன்டெய்னரில் ஏற்றாமல் விட்டார்கள். திங்கள் வந்தது, பணம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த கப்பலுக்கான கன்டெய்னரில் என் ஆறு பேலட்டுகளும் ஏறிவிட்டன. கிடங்கின் மீது குறை சொல்ல இடமில்லை. "திங்கள் வரை" என்று நான் எழுதியதை, திங்கள் கழிந்ததும் தடை தானாக நீங்கிவிடும் என்று அவர்கள் படித்தார்கள். என் சொற்களுக்கு அந்தப் பொருள்தான் உண்டு. பில் ஆஃப் லேடிங்கின் மூலப்படிகளைக் கையில் வைத்துக்கொண்டதால் சரக்கு வாங்குபவரிடம் போய்ச் சேரவில்லை. ஆனால் அது சென்றடைந்த துறைமுகத்தில் 11 நாள் கிடந்து, ஒவ்வொரு நாளும் வாடகையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே, நிறுத்தி வைக்கும் அறிவுறுத்தலில் நாளைக் குறிப்பிடாதீர்கள். தடை எதனால் நீங்கும் என்பதை மட்டும் எழுதுங்கள். நான் இப்போது பயன்படுத்தும் வாசகம் இது:

> மேற்கண்ட புக்கிங் எண்ணின் கீழ் உங்கள் கிடங்கில் உள்ள 6 பேலட்டுகளையும் எந்தக் கன்டெய்னரிலும் ஏற்ற வேண்டாம். கீழே பெயர் குறிப்பிட்டுள்ள இருவரில் ஒருவர் இந்த முகவரியிலிருந்து மின்னஞ்சலில் விடுவிக்கும்வரை இந்த அறிவுறுத்தல் நடப்பில் இருக்கும். வாங்குபவரோ அவருடைய முகவரோ கேட்டாலும், பணம் செலுத்தியதற்கான நகலைக் காட்டினாலும், விடுவிக்க வேண்டாம். இதனால் எழும் கிடங்கு வாடகையை நாங்கள் ஏற்கிறோம். பேலட்டுகள் தனியே வைக்கப்பட்டதை இன்று மாலை 4 மணிக்குள் உறுதிப்படுத்தவும்.

மின்னஞ்சலின் தலைப்பில் புக்கிங் எண்ணையும் "ஏற்ற வேண்டாம்" என்பதையும் முதலில் போடுங்கள். இதை இணைப்பாக அனுப்பாமல், கடிதத்தின் உடலிலேயே எழுதுவதையே நான் விரும்புகிறேன். கிடங்கில் இருப்பவர் கைப்பேசியில் இணைப்பைத் திறந்து பார்ப்பார் என்று நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்வதையும் ஏற்க மாட்டேன். முதலில் தொலைபேசியில் பேசுங்கள். பேசி முடித்த உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

4. கிடங்குவரை செய்தி போனதா என்று பாருங்கள்

உங்களுடன் பேசுபவர் விற்பனைப் பிரிவில் இருப்பார். சரக்கை ஏற்றுபவர் வேறொரு கட்டடத்தில், சில வேளைகளில் வேறொரு நிறுவனத்தில் இருப்பார். எனவே "சரி, நிறுத்திவிடுகிறோம்" என்ற பதில் போதாது. அடைப்புப் பட்டியலிலிருந்து உங்கள் புக்கிங் நீக்கப்பட்டதா என்று கேளுங்கள். பேலட்டின் மேல் தடைச் சீட்டு ஒட்டிய படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதி அறிவிப்பு சுங்கத்தில் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், கப்பல் மாறுவதைச் சுங்க முகவருக்கும் அதே நாளில் தெரிவியுங்கள்.

5. காப்பீட்டாளருக்கும் வாங்குபவருக்கும்

பலர் காப்பீட்டாளரை மறந்துவிடுகிறார்கள். பரவலாகப் பயன்படும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் விதிகளின்படி, பயணத்தின் வழக்கமான போக்குக்குப் புறம்பாக, காப்பீடு பெற்றவரே விரும்பி ஓரிடத்தில் சரக்கைச் சேமித்து வைத்தால் பயணக் காப்பு முடிந்துபோகலாம். பணத்துக்காகக் காத்திருப்பது உங்கள் விருப்பத்தால் நேரும் சேமிப்பு என்று காப்பீட்டாளர் வாதிட இடமுண்டு. ஆதலால் நிறுத்திய அன்றே அவருக்கு எழுதி, கிடங்கில் இருக்கும் நாள்களுக்கும் காப்பு தொடர்வதை எழுத்தில் பெறுங்கள்.

வாங்குபவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் ஐ.நா.வின் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கைக்கு உட்பட்டதாக இருந்தால், கடமையை நிறுத்தி வைப்பவர் மற்றவருக்கு உடனடியாக அறிவிக்க வேண்டும் என்று அதன் 71ஆம் பிரிவு சொல்கிறது. தொகை கணக்கில் வரவு வைக்கப்பட்டதும் அடுத்த கன்டெய்னரில் சரக்கு ஏறும் என்று இரண்டே வரிகளில் எழுதுங்கள்.

6. விடுவித்தல்

உங்கள் வங்கி வரவு வைத்துவிட்டதாக உறுதி சொன்ன பிறகு, அதே மின்னஞ்சல் தொடரிலேயே விடுவிப்பை எழுதுங்கள். அப்போதே அடுத்த கன்டெய்னர் அடைக்கும் நேரத்தைக் கேட்டு, புதிய கப்பலின் பெயரை ஆவணங்களில் மாற்றச் சொல்லுங்கள்.

பின்னர் சேர்த்தது: ஃபார்வர்டரை அமர்த்தியவர் வாங்குபவர் என்றால் என்ன செய்வது என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். அப்போது ஃபார்வர்டரின் வாடிக்கையாளர் நீங்கள் அல்ல. மேலே உள்ள கடிதத்தை அவர் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. எஃப்.சி.ஏ. விதியில் அவருடைய கிடங்கே ஒப்படைப்பு இடமாகக் குறிக்கப்பட்டிருந்தால், அங்கே சரக்கைக் கொடுத்ததுமே உங்கள் ஒப்படைப்பு முடிந்துவிடும். அத்தகைய விற்பனையில் பணம் வரும்வரை சரக்கை உங்கள் சொந்தக் கிடங்கைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டு, அதற்கு ஃபியாட்டா சரக்குப் பெறுகைச் சான்று வாங்கியிருந்தால், அதன் மூலப்படியை யாரிடமும் கொடுக்காதீர்கள். அறிவுறுத்தலை மாற்ற அந்த மூலப்படியை ஃபார்வர்டரிடம் திருப்பித் தர வேண்டியிருக்கும்.