பக்கத்து எழுத்து சொல்லும் சேதி: எல்டி-யைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம்

2007-இல் ஐரோப்பியர்களிடம் உடல் எடையோடு தொடர்புள்ள ஒரு மாறுபாடு சிக்கியது. எஃப்டிஓ மரபணுவுக்குள் இருக்கும் rs9939609 அது. அந்த இடத்தில் A எழுத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்கள், A-யே இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். ஆனால் வேலையைச் செய்வது அந்த A இல்லை என்றே இன்றுள்ள சான்றுகள் காட்டுகின்றன. கொஞ்சம் தள்ளியிருக்கும் rs1421085-இல் உள்ள C-யைத்தான் அவை கைகாட்டுகின்றன. அப்படியானால் A எப்படி மாட்டியது? படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கூட்டாக வருவதைப் புரிந்துகொள்ளுங்கள்

பெற்றோரிடமிருந்து குரோமோசோம் நமக்கு எழுத்து எழுத்தாக வருவதில்லை, நீளமான துண்டுகளாக வருகிறது. மறுசேர்க்கையில் துண்டுகள் வெட்டி மாற்றப்பட்டாலும், வெட்டு பெரும்பாலும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே விழுகிறது. இரண்டு வெட்டிடங்களுக்கு நடுவே உள்ள எழுத்துகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே பயணிக்கின்றன. அந்தப் பகுதிதான் ஹாப்லோடைப் தொகுதி. அதற்குள் ஓர் எழுத்தைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க முடிகிறது அல்லவா, அந்தப் பிணைப்பைத்தான் பிணைப்புச் சமநிலையின்மை, சுருக்கமாக எல்டி, என்கிறோம். எஃப்டிஓ-வில் ஐரோப்பியர்களிடம் இந்தத் தொகுதி சுமார் 47,000 எழுத்து நீளம். நம் இரண்டு மாறுபாடுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

படி 2: எண்ணிப் பாருங்கள்

இரண்டு இடங்களிலும் மாற்று எழுத்து T. கீழே ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வருவது rs9939609-இன் எழுத்து, அடுத்தது rs1421085-இன் எழுத்து. பயிற்சிக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 100 ஐரோப்பியக் குரோமோசோம்களில் A-யும் C-யும் சேர்ந்து 40, A-யும் T-யும் 2, T-யும் C-யும் 1, T-யும் T-யும் 57 என்று வைத்துக்கொள்வோம். A-யின் பங்கு 0.42, C-யின் பங்கு 0.41. இரண்டுக்கும் உறவே இல்லையென்றால், சேர்ந்து வருவது 0.42 × 0.41 = 0.172 அளவுக்குத்தான் இருக்க வேண்டும். நமக்குக் கிடைத்ததோ 0.40. இந்த வித்தியாசம்தான் D, அதை 0-க்கும் 1-க்கும் நடுவே வரும்படி மாற்றிய அளவை r2.

```
D  = 0.40 - 0.172 = 0.228
r2 = D^2 / (0.42*0.58*0.41*0.59) = 0.88
```

இந்த 0.88-க்கு நேரடியான பொருள் உண்டு. C-யை 880 பேரிடம் நேரடியாக அளந்தால் தொடர்பைக் கண்டுபிடிக்க எவ்வளவு வாய்ப்போ, ஏறக்குறைய அதே வாய்ப்பு A-யை 1000 பேரிடம் அளந்தாலும் கிடைக்கும். A போல நாம் அளக்கும் டேக் மாறுபாடு, C போல உண்மையில் வேலை செய்யும் காரண மாறுபாட்டுக்குப் பதிலாளாக நிற்பது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

படி 3: மக்கள் கூட்டத்தை மாற்றுங்கள்

எனக்கு எல்டி உண்மையில் புரிந்தது இந்தப் படியில்தான். நைஜீரியாவின் யோருபா மக்களிடம் A ஏறக்குறைய பாதிக் குரோமோசோம்களில் இருக்கிறது. C மிக அரிது. அதே சாயலில் எண்கள்: A-C 6, A-T 44, T-C 0, T-T 50. மேலே செய்தபடியே போட்டுப் பாருங்கள், r2 வெறும் 0.06. இங்கே A வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் C இல்லை, பதிலாள் கைவிட்டுவிடுகிறான்.

ஆனால் இதே எண்களுக்கு D' என்ற இன்னொரு அளவை 1 என்று வரும். C இருக்கும் இடத்திலெல்லாம் A-யும் இருக்கிறது, T-C சேர்க்கை ஒன்றுகூட இல்லை, அதனால்தான். D' உயர்ந்திருப்பதைப் பார்த்து டேக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள், r2-ஐப் பாருங்கள்.

படி 4: உண்மைத் தரவில் ஓட்டுங்கள்

ஆயிரம் மரபணுத்தொகைத் திட்டத்தின் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 16-ஆம் குரோமோசோமைப் பிளிங்க் என்ற மரபணுக் கணக்கு மென்பொருளின் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு, ஒரே மக்கள் கூட்டத்தின் பெயர்ப்பட்டியலைக் கொடுங்கள், இங்கே YRI என்ற யோருபா குழுவின் பட்டியல்:

```
plink --bfile chr16 --keep yri.txt --ld rs9939609 rs1421085
```

திரையில் `R-sq`, `D'` இரண்டும் வரும். பிறகு `yri.txt`-க்குப் பதிலாக `stu.txt` தயாரித்துப் பாருங்கள். STU என்பது பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்களின் குழு.

`--keep` இல்லாமல் எல்லோரையும் ஒன்றாகப் போட்டு நான் ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். மேலே உள்ள இரண்டு கூட்டங்களையும் கலந்தால் r2 0.33 வரும். அது ஐரோப்பியர்களுடையதும் இல்லை, யோருபா மக்களுடையதும் இல்லை. மிகத் தொலைவில் இருக்கும் மாறுபாடுகளுக்கு இடையிலும் எல்டி காட்டினால், கூட்டம் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 5: கணக்கு நிற்கும் இடம்

ஐரோப்பியர்களிடம் அந்தத் தொகுதிக்குள் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் மாறுபாடுகள் டஜன் கணக்கில் உண்டு. எத்தனை பேரைச் சேர்த்தாலும் அவற்றுக்குள் எது காரணம் என்று எல்டி கணக்கால் எளிதில் பிரிக்க முடியாது. எல்டி குறைவான ஆப்பிரிக்கக் கூட்டங்கள் பட்டியலைச் சுருக்க உதவும், அதற்கு மேல் ஆய்வகம்தான். C வரும்போது ஏஆர்ஐடி5பி என்ற புரதம் அந்த இடத்தில் ஒட்ட முடியாமல் போகிறது, தூரத்து ஐஆர்எக்ஸ்3, ஐஆர்எக்ஸ்5 மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்கின்றன, வளரும் கொழுப்புச் செல்கள் ஆற்றலை எரிக்காமல் சேமிக்கின்றன என்று 2015-இல் காட்டினார்கள். நோயாளிகளின் செல்களில் அந்த ஒரே ஒரு C-யை T-யாகத் திருத்தியபோது, செல்கள் மறுபடி ஆற்றலை எரிக்கத் தொடங்கின.